இருவர் சேர்ந்து ஒரு நூல் எழுதும்போது: வேலை, பெயர், இறுதி முடிவு

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் வரலாற்றை இரு நண்பர்கள் சேர்ந்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஓய்வு பெற்ற கிராணி; பழைய பெரட்டுப் பதிவேடுகளும் படங்களும் அவரிடம் இருக்கின்றன, லயத்தில் வாழ்ந்த முதியவர்களும் அவரிடம்தான் மனம்விட்டுப் பேசுவார்கள். மற்றவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எழுத்து அவருக்குக் கைவந்த கலை. கீழே உள்ள படிகளை முதல் அத்தியாயம் தொடங்கும் முன்பே இவர்கள் முடித்துவிடுவது நல்லது.

படி 1: வேலைகளைப் பட்டியலிடுங்கள்

“ஆளுக்குப் பாதி” என்று பக்கக் கணக்கில் பிரித்தால், பக்கத்தில் தெரியாத உழைப்பு கணக்கில் வராமல் போய்விடும். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுதியெடுக்கவே நான்கு மணி நேரமாவது ஆகும். படங்களுக்கு அனுமதி வாங்குவதும் மெய்ப்புப் பார்ப்பதும் அதற்கு மேல். ஆகவே எல்லா வேலைகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒருவரைப் பொறுப்பாளராகக் குறியுங்கள். நம் நண்பர்களில் கிராணி பேட்டிகளையும் ஆவணங்களையும் ஏற்கிறார். ஆசிரியர் ஒன்பது அத்தியாயங்களையும், கிராணி தாம் நேரில் கண்ட காலத்தைப் பற்றிய மூன்றையும் எழுதுகிறார்கள். கையெழுத்துப் படியின் முதன்மைக் கோப்பு எப்போதும் ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும்.

படி 2: பெயரையும் உரிமையையும் தீர்மானியுங்கள்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, இருவரின் பங்களிப்பையும் பிரித்தெடுக்க முடியாதபடி அமைந்த படைப்பே கூட்டுப் படைப்பு. யார் எழுதிய அத்தியாயம் எது என்று தெளிவாகப் பிரிந்து நின்றால், அவரவர் அத்தியாயம் அவரவருக்கே சொந்தம் என்ற வாதம் எழலாம். மேலும், பதிப்புரிமை எழுத்து வடிவத்தைக் காக்குமே தவிர அதன் பின்னுள்ள தகவலையோ எண்ணத்தையோ காக்காது. அப்படியானால் ஒன்பது அத்தியாயங்களுக்கு உயிர் கொடுத்த கிராணியின் பேட்டி உழைப்பு, சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய மறைந்தே போகக்கூடும். அதனால், “யார் எந்தப் பகுதியை எழுதியிருந்தாலும், நூல் முழுவதன் பதிப்புரிமையும் இருவருக்கும் சரிபாதி” என்று எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

அட்டையில் யார் பெயர் முதலில் என்பதற்கு அகரவரிசை போதும். தந்தை பெயரின் முதலெழுத்தை விட்டு, சொந்தப் பெயரை வைத்து வரிசைப்படுத்துங்கள். பேட்டிகளைத் திரட்டியவர் யார் என்பதை முன்னுரையில் தனியே சொல்லலாம்.

படி 3: இறுதி முடிவு யாருடையது?

எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே முடிவு செய்வது என்று வைத்தால் ஒவ்வொரு காற்புள்ளிக்கும் விவாதம் நடக்கும். நடை, சொல் ஆகியவற்றில் ஆசிரியர் சொல்வதே முடிவு. ஆண்டு, பெயர், கூலி போன்ற செய்திகளில் ஆவணத்தைக் கையில் வைத்திருக்கும் கிராணி சொல்வதே முடிவு. தலைப்பு, பதிப்பாளர், ஓர் அத்தியாயத்தையே நீக்குவது ஆகிய மூன்றுக்கும் இருவரின் ஒப்புதலும் வேண்டும். அதிலும் முட்டிக்கொண்டால், இருவரும் மதிக்கும் ஒரு மூன்றாமவர் ஏழு நாளில் தீர்ப்புச் சொல்லட்டும். அவர் யார் என்பதை இப்போதே எழுதிவிடுங்கள், சண்டை வந்த பிறகு தேடினால் யாரும் பொதுவானவராகத் தெரியமாட்டார்.

ஒன்றுக்கு மட்டும் தனி விதி வேண்டும். ஒரு தண்டல் ஆட்களின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார் என்று மூதாட்டி ஒருவர் பேட்டியில் சொல்கிறார். அந்தத் தண்டல் இன்றும் அதே ஊரில் இருக்கிறார். பெயரைப் போட வேண்டும் என்கிறார் கிராணி, வேண்டாம் என்கிறார் ஆசிரியர். இத்தகைய இடத்தில் “வேண்டாம்” என்பவர் சொல்லே நிற்க வேண்டும். அவதூறு வழக்கு வந்தால் இருவருமே பதில் சொல்ல நேரிடும். ஒருவருடைய துணிச்சலுக்கு மற்றவர் ஈடு கட்டுவது முறையல்ல.

படி 4: பணமும் ஒப்பந்தமும்

அதே சட்டத்தின் 27ஆவது பிரிவு, கூட்டு உரிமையாளரில் ஒருவர் வழங்கும் உரிமம் மற்றவரும் வழங்கியதாகவே கொள்ளப்படும் என்கிறது. அதாவது ஆசிரியர் தனியாக ஒரு பதிப்பகத்துக்குச் சம்மதம் தந்தாலும் அது கிராணியையும் கட்டுப்படுத்தும். வேறு உடன்பாடு இல்லையென்றால் கிடைக்கும் தொகை சமமாகப் பிரியும். ஆகவே “இருவர் கையொப்பமும் இன்றி எந்த உரிமமும் தரக்கூடாது” என்ற வரி ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கட்டும். இந்த வரி, மீறுபவரிடம் இழப்பீடு கேட்க உங்களுக்கு வழி தரும். ஏமாந்த பதிப்பாளரை அது எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது வேறு கேள்வி என்பதால், பதிப்பாளருக்கும் முன்கூட்டியே கடிதம் எழுதித் தெரிவியுங்கள்.

நம் ஊர் வெளியீட்டு விழாக்களில், முதல் நூலைப் பெறும் பிரமுகர் உறையில் வைத்துத் தரும் தொகை நூலின் விலையைவிடப் பல மடங்கு இருக்கும். அது மேடையில் யார் கையில் கொடுக்கப்படுகிறதோ அவருடையது என்று ஆகிவிடாமல், முதலில் அச்சுச் செலவுக்கும் மண்டப வாடகைக்கும் போய், மீதி சரிபாதியாகும் என்று எழுதுங்கள்.

கடைசியாக, பதிப்புரிமை நூலை எழுதியவரின் மறைவுக்குப் பிறகும் 50 ஆண்டுகள் நீடிக்கிறது; கூட்டுப் படைப்பில் இறுதியாக மறைபவரின் காலத்திலிருந்து அது எண்ணப்படும். எனவே ஒருவர் மறைந்தால் அவர் சார்பில் மறுபதிப்புக்குக் கையொப்பமிடும் வாரிசு யார் என்பதையும் அதே தாளில் குறித்து, ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.