இருபது பக்கப் பருவக் கட்டுரையிலிருந்து மூன்று நிமிட உரை

மாணவர் ஆய்வு நாளுக்குப் பெயர் கொடுத்ததும் பலர் கட்டுரையின் சுருக்கத்தை எடுத்து மனப்பாடம் செய்ய ஆரம்பிக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள். சுருக்கத்தில் எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கேட்பவருக்கு எதுவும் பிடிபடாது. கட்டுரையில் கண்டறிந்த ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குத் தேவையானதை மட்டும் சேர்ப்பதுதான் இந்த வேலை.

ஒரு மாதிரியை வைத்துப் பார்ப்போம். சென்னிமலைப் பக்கத்து மாணவி ஒருவர், நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள 12 கிணறுகளின் தண்ணீரை, அதில் உப்பு போன்றவை எவ்வளவு கரைந்திருக்கின்றன என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டரால் அளந்து இருபது பக்கம் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். (கிணற்று எண்ணிக்கையும் அளவுகளும் விளக்கத்துக்காக நான் போட்டவை.)

முதலில், ஒரு வாக்கியம்

முடிவுகள் பகுதியைத் திறந்து, ஒப்பீடு உள்ள வாக்கியத்தைத் தேடுங்கள். "நொய்யல் பகுதி நிலத்தடி நீரின் தரம் ஆராயப்பட்டது" என்பது தலைப்பு. அதில் எதையும் கண்டறிந்ததாக இல்லை. "ஆற்றிலிருந்து அரைக் கிலோமீட்டருக்குள் உள்ள ஆறு கிணறுகளிலும் டி.டி.எஸ். 2,000-ஐத் தாண்டியது, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஆறில் ஒன்றில்தான் தாண்டியது." இதுதான் வேண்டும்.

சரியான வாக்கியமா என்று பார்க்க, படிப்புக்குத் தொடர்பில்லாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். வீட்டில் அமுச்சி இருந்தால் இன்னும் நல்லது. "அப்ப, அந்தத் தள்ளியிருக்கிற ஒத்தக் கெணறு மட்டும் ஏஞ்சாமி உப்பா இருக்குது?" என்று கேட்டால் வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது. "நல்லாப் படி கண்ணு" என்று மட்டும் சொன்னால் வேறு வாக்கியம் தேடுங்கள்.

எதை வெட்டுவது

முந்தைய ஆய்வுகள் பகுதி முழுவதும் போகட்டும். பின்னணிக்கு ஒரு வாக்கியம் போதும்: திருப்பூர்ச் சாயக்கழிவு இந்த அணையில் பல ஆண்டுகள் தேங்கியது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. கேட்பவர்கள் ஈரோடு, திருப்பூர்க்காரர்கள் என்றால் இதிலும் பாதியே போதும்.

வெட்டவே கூடாதது, உங்கள் முடிவின் எல்லை. நம் பக்கம் பாறை நிலம். பாறையிலிருந்தே தண்ணீரில் உப்பு ஏறுவதும் உண்டு. தள்ளியிருக்கும் அந்த ஒற்றைக் கிணற்றுக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தவிர, டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருப்பது எவ்வளவு என்று தோராயமாகச் சொல்லும். என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. ஆகவே "சாயக்கழிவுதான் காரணம்" என்று அந்த மாணவி சொல்ல முடியாது. "ஆற்றுக்குப் பக்கத்தில் உப்பு அதிகம்" என்று சொல்லலாம். நடுவர்கள் இந்த இடத்தில்தான் கேள்வி கேட்பார்கள்; நீங்களே முந்திச் சொல்லிவிட்டால் உரைக்கு வலுக் கூடும்.

நேரக் கணக்கு

செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, மேடையில் பேசும் வேகத்தில் வாசித்து, சொற்களை எண்ணுங்கள். 95 சொல் வந்தது என்றால் மூன்று நிமிடத்துக்கு 285. ஆனால் 240 சொல்லுக்கு மேல் எழுதாதீர்கள். படத்தைச் சுட்டிக்காட்டவும் மூச்சு வாங்கவும் மீதி நேரம் வேண்டும். கேள்வியும் பின்னணியும் 50 சொல், அளந்த விதம் 30, கண்டறிந்தது 110, எல்லை 50 என்று பிரிக்கலாம்.

எண்களை எழுத்தாக எழுதிப் பாருங்கள். "2,140" தாளில் சின்னது, வாயில் நீளம். "இரண்டாயிரத்துக்கு மேல்" என்றாலே போதும். ஆனால் அந்த இரண்டாயிரம் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லியாக வேண்டும்: இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை.

ஒரே ஸ்லைடு

2008-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய மூன்று நிமிட ஆய்வுரைப் போட்டியில் அசையாத ஒரே ஸ்லைடுதான். நேரம் தாண்டினால் தகுதி நீக்கம். உங்கள் கல்லூரி விதியும் அப்படியா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுரையின் அட்டவணையை அப்படியே ஒட்டாதீர்கள். கீழ்க்கோட்டில் ஆற்றிலிருந்து தூரம், பக்கக் கோட்டில் டி.டி.எஸ்., 12 புள்ளிகள், 2,000-இல் ஒரு சிவப்புக் கோடு. தள்ளியிருக்கும் ஒற்றைப் புள்ளியை மறைக்காதீர்கள், வட்டமிட்டே காட்டுங்கள்.

ஒத்திகை

நின்றுகொண்டு, சத்தமாக, கடிகாரத்தோடு. நேரம் போதாவிட்டால் பலரும் வேகத்தைக் கூட்டுவார்கள். அடிபடுவது கடைசிப் பகுதி, அதாவது எல்லை. பேச்சைப் பதிவு செய்து, முதல் அரை நிமிடத்தையும் கடைசி அரை நிமிடத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கடைசியில் ஓட்டம் தெரிந்தால் பின்னணியில் ஒரு வாக்கியத்தை எடுத்துவிடுங்கள்.

ஸ்லைடைப் பிடிஎஃப் ஆகவும் சேமித்துக்கொள்ளுங்கள். உங்கள் தமிழ் எழுத்துரு அரங்கக் கணினியில் இல்லாவிட்டால் எழுத்துகள் கட்டம் கட்டமாகவோ வேறு குறிகளாகவோ தெரியும். பிடிஎஃப்-இல் எழுத்துருவும் சேர்ந்தே போகும். முதல் நாளே அந்தக் கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.