ஹிப்போகேம்பஸ் நினைவுகளின் கிடங்கு அல்ல

கன்னப்பொட்டுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வளைந்து கிடக்கிறது ஹிப்போகேம்பஸ். நினைவுகள் எல்லாம் அங்கேதான் சேமித்து வைக்கப்படுகின்றன என்று பலர் எழுதுகிறார்கள். இந்த ஒரு தவறிலிருந்துதான் மற்றவை கிளைக்கின்றன. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு நேர்ந்ததைப் பொறுமையாகப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

1953-இல், மருந்துக்கு அடங்காத வலிப்பு நோய்க்காக வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய இரு பக்க ஹிப்போகேம்பஸிலும் பெரும்பகுதியை அகற்றினார். அப்போது ஹென்றிக்கு வயது 27. வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல், நடந்தது எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் அவருக்குப் புது மனிதராகவே இருந்தார். ஆனாலும் பெற்றோரையும் பிள்ளைப் பருவத்தையும் அவர் மறக்கவில்லை. ஹிப்போகேம்பஸ்தான் கிடங்கு என்றால் அவையும் போயிருக்க வேண்டுமே! அனுபவத்தின் சிதறிய கூறுகளைப் பிணைத்து, மூளையின் மேலடுக்கான புறணியில் நிலைபெறச் செய்வதே அதன் முதன்மையான வேலை.

அடுத்த தவறு, இதைக் 'குறுகிய கால நினைவு இழப்பு' என்பது. ஆய்வாளர்களின் பேச்சில் குறுகிய கால நினைவு என்பது சில நொடிகள் மனத்தில் பிடித்து வைத்திருப்பது மட்டுமே. ஹென்றிக்கு அது நன்றாகவே இருந்தது. சில இலக்கங்களைச் சொன்னால் உடனே திருப்பிச் சொல்வார். 584 என்ற எண்ணை மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே கால் மணி நேரம் காப்பாற்றினார். பேச்சு வேறு பக்கம் திரும்பியதும் எண் மட்டுமல்ல, அப்படி ஒன்றைச் சொன்னார்கள் என்பதே போய்விட்டது. நோயாளியைச் சோதிக்கும்போது இதைத்தான் கவனிக்க வேண்டும்: சொற்பட்டியலை உடனே ஒப்பித்துவிட்டார் என்று நிம்மதி அடையாமல், வேறு வேலை கொடுத்துச் சில நிமிடங்கள் கழித்து மறுபடி கேட்க வேண்டும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, இத்தகையவர்களால் இனி எதையும் கற்க முடியாது என்று முடிவுகட்டுவது. மில்னர், கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி நட்சத்திரம் ஒன்றின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்டும்படி ஹென்றியிடம் கொடுத்தார். யாருக்கும் முதலில் கை எதிர்ப்பக்கமாகத்தான் போகும். மூன்று நாள் பயிற்சியில் அவருடைய பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் முன்பு அதைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. கைப்பழக்கத்தை வளர்ப்பவை மூளையின் ஆழத்தில் உள்ள அடித்திரளும் பின்புறம் உள்ள சிறுமூளையும். ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதி இல்லாமலே அவருக்கு அந்தப் பாடம் ஏறியது.

எல்லா இழப்பையும் ஹிப்போகேம்பஸ் மேல் ஏற்றுவதும் சரியல்ல. அந்த அறுவையில், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டாலாவும் ஹிப்போகேம்பஸை ஒட்டிய புறணியும் சேர்ந்தே போயின. 2008-இல் அவர் இறந்தபின் மூளையைச் சீவிப் பார்த்தபோது, ஹிப்போகேம்பஸின் பின்பகுதி எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே எஞ்சியிருந்தது. அதற்குச் செய்தி கொண்டுவரும் புறணிதான் ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போயிருந்தது.