குழந்தை கக்கிய பால் கறையும் கேரட் கறையும் நீங்க

குழந்தை கக்கிய பாலோ கேரட் மசியலோ பட்ட வெள்ளைப் பருத்திச் சட்டையை, முதலில் துணியின் உட்புறத்திலிருந்து குளிர்ந்த நீரை ஊற்றி அலசி, சிறிது சலவைத்தூள் கலந்த குளிர்ந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவைத்தபின், ஈரத்தோடே கறைப் பக்கம் மேலே இருக்கும்படி நேர் வெயிலில் காயப்போடுங்கள்.

சூடான நீர் பாலிலுள்ள புரதத்தை இறுகச் செய்து நூலோடு ஒட்டவைத்துவிடும் என்பதால்தான் குளிர்ந்த நீர் அவசியமாகிறது. கேரட், பூசணி ஆகியவற்றின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் நீரில் கரையாது. ஆகவே எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் சாயல் எஞ்சும், ஆனால் வெயிலில் அந்த நிறமி சிதைந்து வெளுத்துவிடும். மாலையில் சாயல் மங்கியும் முழுதாக மறையாமலும் இருந்தால், மீண்டும் நனைத்து மறுநாளும் வெயிலில் போடலாம். அதுவரை இஸ்திரி போட வேண்டாம்.

வாழைப்பழக் கறைக்கு இது உதவாது. அது காற்றுபட்டுக் கறுக்கும் வகை என்பதால், காய்வதற்கு முன்பே அலசிவிடுவதுதான் நல்லது. அடர்ந்த சாயமேற்றிய துணிகள் நேர் வெயிலில் வெளிறக்கூடும்; அவற்றை ஊறவைத்துத் துவைப்பதோடு நிறுத்திக்கொண்டு, நிழலில் உலர்த்துங்கள். நாள்பட்டு மஞ்சளித்த பால் கறையில் கொழுப்பும் படிந்திருக்கும். அதற்கு வெயில் மட்டும் போதாது, என்சைம் கலந்த சலவைத்தூளில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டியிருக்கும்.