ஒரே கம்பெனிக்குள் மாற்றினாலும் அது விற்பனைதான்

மியூச்சுவல் ஃபண்டில் எக்ஸிட் லோட் என்று ஒன்று இருப்பது இப்போது எல்லாருக்கும் தெரியும். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் 1% பிடிப்பார்கள் என்பதையும் ஈக்விட்டி ஃபண்ட் வைத்திருக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வருடத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பணம் போகிறது.

ஸ்விட்ச் போட்டால் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள் என்ற நினைப்பு

"அதே கம்பெனிக்குள்ளதான மாத்துதோம், வெளியவா எடுக்கோம்?" பாளையங்கோட்டையிலும் டவுனிலும் இந்தக் கேள்வி அலுக்காமல் வந்துகொண்டே இருக்கிறது. பணம் வங்கிக் கணக்கைத் தொடவில்லை என்பதால் அது வெளியே வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஃபண்ட் கம்பெனி அப்படிப் பார்ப்பதில்லை, வருமான வரித் துறையும் அப்படிப் பார்ப்பதில்லை. ஸ்விட்ச் என்பது பழைய ஃபண்டின் யூனிட்டை விற்று, அந்தப் பணத்தில் புது ஃபண்டின் யூனிட்டை வாங்குவது. ஒரே படிவத்தில் இரண்டு வேலையும் முடிவதால் விற்பனை கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவர், மகள் கல்யாணத்துக்காக 2024 ஜனவரி 5 முதல் மாதம் 50,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடுகிறார். 2025 ஜூன் 5-உடன் 18 தவணை ஆகிறது. ஃபண்ட் சரியாக ஓடவில்லை என்று யாரோ சொல்ல, ஜூன் 20 அன்று அதே கம்பெனியின் வேறொரு ஈக்விட்டி ஃபண்டுக்கு மொத்தத்தையும் மாற்றுகிறார். அன்றைய மதிப்பு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனக்கணக்கு இப்படி: "ஆரம்பிச்சு ஒன்றரை வருசம் ஆயிட்டு, லோட் கிடையாது."

எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனி ஒரு வருடம். 2024 ஜனவரி முதல் ஜூன் வரை போட்ட ஆறு தவணைகள்தான் ஜூன் 20 அன்று ஒரு வருடம் தாண்டியவை. போட்டது 3 லட்சம், மதிப்பு 3,50,000 என்று கொள்வோம். அடுத்த பன்னிரண்டு தவணைகளுக்கு இன்னும் வருடம் ஆகவில்லை. அதில் போட்டது 6 லட்சம், மதிப்பு 6,50,000. லோட் லாபத்தின் மேல் மட்டும் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படியில்லை, எடுக்கும் மொத்த மதிப்பின் மேல் அது விழும். 6,50,000-க்கு 1% என்றால் 6,500 ரூபாய்.

அடுத்து வரி. அந்தப் பன்னிரண்டு தவணைகளின் லாபம், லோட் கழித்த பின் 43,500 ரூபாய். ஒரு வருடத்துக்குள் விற்ற ஈக்விட்டி ஃபண்ட் என்பதால் 20% வரி, அதாவது 8,700. அதன்மேல் 4% செஸ் 348. முதல் ஆறு தவணைகளின் 50,000 ரூபாய் லாபம் நீண்ட கால லாபம். அந்த வகையில் வருடத்துக்கு 1,25,000 வரை வரி இல்லை என்பதால் அது தப்பித்தது. லோடும் வரியும் சேர்த்து 15,548 ரூபாய் போயிற்று. கையில் ஒரு ரூபாயும் வரவில்லை. வரியை அடுத்த வருடம் ஆடிட்டர் சொல்லும்போதுதான் தெரிந்துகொள்வார்.

இதுகூடப் பரவாயில்லை. எரிச்சல் தருவது இனி வருவது. புது ஃபண்டில் அந்தப் பணம் முழுவதற்கும் 2025 ஜூன் 20-இலிருந்து புதிதாக ஒரு வருடம் ஆரம்பிக்கிறது. ஏற்கெனவே லோடிலிருந்து விடுபட்ட ஆறு தவணைகளும் மறுபடி அதற்குள் போய் விழுந்தன. கல்யாணம் 2026 தை மாதம். அப்போது 7 லட்சம் எடுத்தால், புது ஃபண்டிலும் அதே 1% இருந்தால், இன்னொரு 7,000 ரூபாய். இடையில் வந்த லாபத்துக்கு மறுபடி 20% வரி.

மாற்றாமல் இருந்திருந்தால்? 2026 ஜனவரி 20-க்குள் பதின்மூன்று தவணைகள் வருடம் தாண்டியிருக்கும். விலை ஏறாமல் அப்படியே இருந்தால்கூட அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 7,30,000. யூனிட்டுகள் வாங்கிய வரிசையில்தான் வெளியே போகும், பழையது முதலில். ஆகவே கல்யாணத்துக்கு வேண்டிய 7 லட்சமும் லோட் இல்லாமல் வந்திருக்கும். லாபமும் நீண்ட கால லாபமாகி 1,25,000 வரம்புக்குள் அடங்கியிருக்கும். (ஏழு மாதத்தில் வேண்டிய கல்யாணப் பணம் ஈக்விட்டியில் ஏன் இருக்கிறது என்பது தனிப் பஞ்சாயத்து.)

ஃபண்ட் பிடிக்கவில்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது எஸ்.ஐ.பி.யை நிறுத்துவது. நிறுத்துவதற்கு எக்ஸிட் லோட் கிடையாது. அடுத்த தவணையிலிருந்து பணம் வேறு ஃபண்டுக்குப் போகட்டும். பழைய யூனிட்டுகளை மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஃபண்ட் கம்பெனிகளுக்காக முதலீட்டாளர் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக்கிலிருந்து கணக்கு அறிக்கையை வாங்கி, ஒவ்வொரு தவணைக்கும் யூனிட் ஒதுக்கிய தேதியைப் பாருங்கள். வருடம் தாண்டிய தவணைகளின் யூனிட்டுகளை மட்டும் கூட்டி, அந்த எண்ணிக்கையைப் படிவத்தில் எழுதுங்கள். ஆப்பில் All Units என்ற பெட்டியைத் தட்டும் பழக்கம்தான் இந்த விஷயத்தில் முதல் வில்லன். மீதியை மாதம் ஒரு தவணையாக, வருடம் தாண்டத் தாண்ட மாற்றிக்கொள்ளலாம்.

இன்னொன்று. கம்பெனியின் இணையதளத்தில் இன்று போட்டிருக்கும் லோட் உங்களுடையதாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் வாங்கிய தேதியில் என்ன விதி இருந்ததோ அதுதான் அந்த யூனிட்டுக்கு. சில ஃபண்டுகளில் 10% யூனிட்டுகளை வருடத்துக்குள் லோட் இல்லாமல் எடுக்கலாம், சிலவற்றில் லோட் இரண்டு வருடம் வரை நீளும். திட்ட ஆவணத்தில் அந்த ஒரு பத்தியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு

ரெகுலர் என்றால் ஏஜென்ட் வழியாக வாங்குவது, டைரக்ட் என்றால் கம்பெனியிடம் நேரடியாக வாங்குவது. ஃபண்ட் அதேதான், ஆனாலும் ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாற்றினால் வரிக் கணக்கில் அது விற்பனை. வருடக் கணக்கும் புதிதாக ஆரம்பிக்கும்.

லிக்விட் ஃபண்டின் லோடுக்குப் பயப்படுவது

முதல் நாளில் எடுத்தால் 0.0070%. பத்து லட்சத்துக்கு 70 ரூபாய். ஏழாவது நாளிலிருந்து அதுவும் இல்லை.

இ.எல்.எஸ்.எஸ். மூன்று வருடத்தில் முழுதாக வந்துவிடும் என்று நம்புவது

எக்ஸிட் லோட் என்றால் பணம் கொடுத்து வெளியே வரலாம். லாக்-இன் என்றால் கொடுத்தாலும் வர முடியாது. இ.எல்.எஸ்.எஸ். என்பது வரிச் சலுகைக்காக வாங்கும் ஈக்விட்டி ஃபண்ட். அதன் யூனிட்டை மூன்று வருடத்துக்குள் விற்கவும் முடியாது, வேறு ஃபண்டுக்கு மாற்றவும் முடியாது, அடமானம் வைத்துக் கடன் வாங்கவும் முடியாது. முதலீட்டாளர் இறந்துபோனால் மட்டும், யூனிட் ஒதுக்கி ஒரு வருடம் ஆன பின் நாமினி எடுக்கலாம்.

இங்கேயும் ஒவ்வொரு தவணைக்கும் தனி மூன்று வருடம். 2022 ஏப்ரலில் ஆரம்பித்து 2025 மார்ச் வரை 36 தவணை போட்டவருக்கு, 2025 ஏப்ரல் கடைசியில் கைக்கு வருவது முதல் தவணை ஒன்று மட்டும். கடைசித் தவணை 2028 மார்ச்சில்தான் விடுபடும். ஜூனில் பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட இதை நம்பியிருந்தவர்கள் கடைசியில் நகைக்கடன் கவுண்ட்டரில் நிற்கிறார்கள்.

புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு இ.எல்.எஸ்.எஸ்.சில் 80சி கழிவு கிடையாது. பழைய எஸ்.ஐ.பி. மட்டும் மறந்துபோய் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஒவ்வொரு மாதமும் சலுகை ஏதும் இல்லாமல் மூன்று வருடப் பூட்டு ஒன்று புதிதாக விழுகிறது. ஏற்கெனவே பூட்டியதை ஒன்றும் செய்ய முடியாது. எஸ்.ஐ.பி.யை இந்த மாதமே நிறுத்தலாம்.