ஆக்சிஜன் தொய்வு வளைவு: ஆறு தேறிவிட்டது என்று சொல்வதற்கு முன்

ஆற்றில் சாக்கடை கலக்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் கீழே போய், தண்ணீர் எடுத்து, கரைந்த ஆக்சிஜனை அளந்து, "லிட்டருக்கு 6 மி.கி. இருக்கிறது, பரவாயில்லை" என்று அறிக்கை எழுதுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. அளவு சரிதான், அளந்த இடம்தான் தவறு.

கழிவுநீர் கலந்தவுடன் ஆக்சிஜன் ஒரேயடியாகத் தீர்ந்துபோவதில்லை. கழிவிலிருக்கும் கரிமப் பொருளை பாக்டீரியா தின்னத் தின்னத்தான் ஆக்சிஜன் செலவாகிறது. அதே நேரத்தில் நீர்ப்பரப்பின் வழியே காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே வருகிறது. நீரில் அதிகபட்சம் கரையக்கூடிய அளவான நிறைவு அளவிலிருந்து குறைபாடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகமாக வரும். முதலில் செலவு அதிகம், அதனால் அளவு இறங்குகிறது. வரவும் செலவும் சமமாகும் இடத்தில் அடிமட்டத்தைத் தொடுகிறது. அப்புறம் வரவு மேலோங்கி, மெல்ல ஏறுகிறது. இப்படி இறங்கி ஏறும் கோடுதான் ஆக்சிஜன் தொய்வு வளைவு. அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்த ஸ்ட்ரீட்டரும் ஃபெல்ப்ஸும் 1925-இல் இதை ஒரு சமன்பாடாகத் தந்தார்கள்:

```
D = [kd·L0/(kr−kd)]·(e^(−kd·t) − e^(−kr·t)) + D0·e^(−kr·t)
```

D என்பது ஆக்சிஜன் குறைபாடு, D0 கலந்த இடத்தில் இருந்த குறைபாடு, L0 கழிவு முழுதும் சிதையத் தேவைப்படும் ஆக்சிஜன், kd சிதைவின் வேகம், kr காற்றிலிருந்து ஆக்சிஜன் ஏறும் வேகம், t நாட்களில் நேரம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நொடிக்கு 9 கன மீட்டர் ஓடும் ஆறு, அதில் கரைந்த ஆக்சிஜன் 7.2. பி.ஓ.டி., அதாவது கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படுவதாகச் சோதனையில் தெரியவரும் ஆக்சிஜன், 2. அரைகுறையாகச் சுத்திகரித்த கழிவுநீர் நொடிக்கு 1 கன மீட்டர் கலக்கிறது. அதன் பி.ஓ.டி. 100, ஆக்சிஜன் பூஜ்யம். (எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில்.) வெப்பநிலை 27 டிகிரி. அந்த வெப்பத்தில் நீர் அதிகபட்சம் 8 மி.கி. ஆக்சிஜனைத்தான் பிடித்து வைத்திருக்கும். கலந்தபின் ஆக்சிஜன் 6.5, பி.ஓ.டி. 11.8. kd-யை 0.32 என்றும் kr-ஐ 0.7 என்றும் வைத்துக்கொள்வோம். ஆற்றின் வேகம் நொடிக்கு 0.3 மீட்டர், அதாவது நாளைக்கு சுமார் 26 கி.மீ.

இங்கேதான் இரண்டாவது தவறு காத்திருக்கிறது. 11.8-ஐ அப்படியே L0 என்று எடுத்துப் போடுவார்கள். இந்தியாவில் பி.ஓ.டி. சோதனை 27 டிகிரியில் 3 நாள் நடக்கிறது. மூன்று நாளில் கழிவு முழுதும் சிதைந்துவிடாது. kd 0.32 என்றால் அதற்குள் 62 சதவீதம் தேவைதான் தெரியவரும். ஆய்வகம் நான்காம் நாள் கதவை மூடிவிடலாம், ஆற்றுக்குள் பாக்டீரியா தின்றுகொண்டேதான் இருக்கும். ஆகவே 11.8-ஐ 0.62-ஆல் வகுக்க வேண்டும். L0 ஏறக்குறைய 19.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 11.8-ஐ வைத்துக் கணக்கிட்டால் ஆக்சிஜனின் அடிமட்டம் 4.8 என்று வரும். மீன் வாழ்வுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 4, ஆகவே ஆறு தேர்ச்சி பெற்றதாகத் தோன்றும். 19-ஐ வைத்தால் அடிமட்டம் 3.1. ஒரே ஆறு, ஒரே சாக்கடை, தீர்ப்பு மட்டும் தலைகீழ். இதே இடத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பழைய புத்தகங்களில் k-யை 10 அடிமானத்தில் கொடுத்திருப்பார்கள். அங்கே 0.1 என்று இருப்பது மேலே உள்ள சூத்திரத்துக்கு 0.23. 2.303-ஆல் பெருக்காமல் போட்டால் விடை தேறாது.

சரி, இனி முதல் தவறுக்குத் திரும்புவோம். சரியான L0-வை வைத்தால் ஒரு கிலோமீட்டர் கீழே ஆக்சிஜன் 6.3. அது 4-க்குக் கீழே இறங்குவது 19-ஆவது கி.மீ. வாக்கில். அடிமட்டம் 1.8 நாள் கழித்து, கிட்டத்தட்ட 47-ஆவது கி.மீ.யில். மீண்டும் 4-ஐத் தாண்டுவது 90-ஆவது கி.மீ. பக்கம். மீன்களுக்கு ஆகாத அந்த எழுபது கிலோமீட்டரும், கழிவை விட்ட ஊரின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதனால் மாதிரி எடுக்கும் இடங்களை ஊர்க்கணக்கில் வைக்காமல், நீர் பயணிக்கும் நேரக் கணக்கில் வைக்க வேண்டும். அரை நாள், ஒரு நாள், இரண்டு நாள் என்று கீழே போய் எடுத்தால்தான் பள்ளம் எங்கே என்று தெரியும்.

மூன்றாவது தவறு, ஆண்டுச் சராசரி நீரோட்டத்தை வைத்துக் கணக்குப் போடுவது. கோடையில் அதே ஆறு நொடிக்கு 3 கன மீட்டராகச் சுருங்கினால், கலந்த நீரின் L0 19-இலிருந்து 43 ஆகிறது, ஆக்சிஜன் 6.5-இலிருந்து 5.4 ஆகிறது. மற்ற எண்களை மாற்றாமல் போட்டால் ஆக்சிஜன் அடிமட்டம் −2.8 என்று வரும். அப்படி ஓர் அளவு இயற்கையில் கிடையாது. சிலர் அதைப் பூஜ்யம் என்று திருத்தி எழுதிவிட்டு, மீட்சி எங்கே என்பதை அதே வளைவிலிருந்து படிக்கிறார்கள். அது கூடாது. ஆக்சிஜன் தீர்ந்ததும் பாக்டீரியாவின் வேகத்தைத் தீர்மானிப்பது kd இல்லை. காற்றிலிருந்து வருகிற அளவுதான். சிதைவு மந்தமாகிறது, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு கிளம்புகிறது. வளைவின் அடி தட்டையாகி நீண்டுகொண்டே போகும், மீட்சி சூத்திரம் காட்டுவதைவிடத் தொலைவில்தான் தொடங்கும்.

டெல்லி யமுனையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் வஜீராபாத் தடுப்பணையிலேயே நல்ல நீரில் பெரும்பங்கு குடிநீருக்கு எடுக்கப்படுகிறது. உடனே கீழே நஜஃப்கர் கால்வாய் வந்து விழுகிறது. நீர்த்துப்போக வைக்க ஆற்றில் நீரே இல்லை. ஓக்லா வரையிலான 22 கி.மீ.யில் ஆக்சிஜன் பல மாதங்கள் பூஜ்யமாகப் பதிவாகிறது. வழியெங்கும் இன்னும் பல கால்வாய்கள் சேர்வதால் ஒரு பள்ளத்திலிருந்து எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றை வளைவை வரைந்து மீட்சித் தூரம் சொல்வது பொருளற்றது. ஒவ்வொரு கால்வாயிலும் D0-வையும் L0-வையும் புதிதாகக் கணக்கிட்டுத்தான் அடுத்த துண்டைத் தொடங்க வேண்டும்.

ஓக்லாவுக்குக் கீழே, சம்பல் ஆறு வந்து சேரும் வரையிலான 490 கி.மீ. நீளத்தை ஊட்டச்சத்து மிகுந்த பகுதி என்று வாரியம் பிரித்திருக்கிறது. நான்காவது தவறு நடப்பது இந்த மாதிரி இடங்களில்தான். சிதைந்த கழிவு விட்டுச்சென்ற நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உண்டு பாசி செழிக்கிறது. மதியம் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜன் நிறைவு அளவையும் தாண்டி எகிறும். இரவெல்லாம் அந்தப் பாசியே சுவாசித்து ஆக்சிஜனைச் செலவழிக்கும். அலுவலக நேரத்தில் காலை பதினொரு மணிக்குப் போய் அளந்தால் ஆறு தேறிவிட்டது போலத்தான் தெரியும். மீன் சாவது விடியற்காலையில். ஆகவே சூரியன் உதிப்பதற்கு முன் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை என்று அளக்க வேண்டும். முடிந்தால் 24 மணி நேரம் தொடர்ந்து பதியும் கருவியை வைக்கலாம். 8 மி.கி.தான் கரைய முடிகிற நீரில் பகலில் 12 என்று வந்தால் அதை நலத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரவில் எவ்வளவு இறங்குகிறது என்று உடனே பார்க்க வேண்டும்.

கடைசியாக, வளைவு மேலே ஏறியதும் ஆறு சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது. வளைவு சொல்வது ஆக்சிஜனைப் பற்றி மட்டும்தான். குரோமியம், ஈயம் போன்றவை சிதைவதில்லை. சேற்றில் படிந்து வெள்ளத்தில் மறுபடி கிளம்பும். உப்பு அப்படியே போகும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா மெதுவாக வளர்பவை, ஆக்சிஜன் இல்லாத நீரில் அவற்றுக்கு வேலையில்லை. மீட்சி தொடங்கிய பிறகுதான் அவை களமிறங்கும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அதனால் முதல் பள்ளத்திலிருந்து ஏறிவந்த வளைவு, இன்னும் கீழே போய் இரண்டாவது முறை தொய்யலாம். சாதாரண பி.ஓ.டி. சோதனையில் இந்தத் தேவை பெரும்பாலும் தெரியவராது என்பதால், கழிவுநீரின் அம்மோனியாவைத் தனியாக அளந்து, அதற்கென்று இன்னொரு பகுதியைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.