வில்லோ பட்டையிலிருந்து ஆஸ்பிரின் வரை: ஒரு சிறு அசிட்டைல் துண்டைப் பின்தொடர்வோம்

"ஆஸ்பிரின் வில்லோ மரப்பட்டையிலிருந்து வந்தது" என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். பாதிதான் சரி. பட்டையில் ஆஸ்பிரின் கிடையாது. ஆஸ்பிரினை ஆஸ்பிரினாக்குகிற ஒரு துண்டு மரத்தில் இல்லவே இல்லை. அது எந்தத் துண்டு, உடலுக்குள் போய் எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பட்டையில் இருப்பதை எழுதுங்கள்

வெள்ளை வில்லோ மரம் நமக்கு அந்நியமில்லை. நல்ல கிரிக்கெட் மட்டைகள் அதன் ஒரு வகையிலிருந்துதான் செய்யப்படுகின்றன. இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் அந்தப் பட்டையைக் காயவைத்துப் பொடித்து, குளிர்காய்ச்சல் கண்ட சுமார் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். பலன் இருந்ததாக 1763-இல் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். 1828-இல் மியூனிக்கில் யோகான் புக்னர் பட்டையிலிருந்து கசப்பான மஞ்சள் நிறப் பொருள் ஒன்றைப் பிரித்து, அதற்குச் சாலிசின் என்று பெயர் வைத்தார்.

சாலிசின் என்பது ஒரு குளுக்கோஸும் சாலிசில் ஆல்கஹால் என்ற சிறு மூலக்கூறும் கைகோத்த சேர்மம். பட்டைக் கஷாயம் குடித்தால் குடலில் இந்தப் பிணைப்பு உடைகிறது. உடைந்து வந்த ஆல்கஹாலை உடல் ஆக்சிஜனேற்றம் செய்து சாலிசிலிக் அமிலமாக மாற்றுகிறது. தாளில் இப்படி எழுதுங்கள்:

```
C13H18O7 + H2O → C6H12O6 + C7H8O2
சாலிசின்  + நீர்  → குளுக்கோஸ் + சாலிசில் ஆல்கஹால்

C7H8O2 → C7H6O3   (சாலிசிலிக் அமிலம்)
```

முதல் வரியில் இரண்டு பக்கமும் அணுக்களை எண்ணிப் பாருங்கள், சரியாக இருக்கும். இப்போது ஒரு சின்னக் கணக்கு. சாலிசினின் மூலக்கூறு எடை 286, சாலிசிலிக் அமிலத்தினுடையது 138. ஆக 240 மில்லிகிராம் சாலிசின் முழுவதும் மாறினாலும் கிடைப்பது சுமார் 116 மில்லிகிராம்தான்.

படி 2: அசிட்டைல் துண்டைச் சேருங்கள்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாலிசிலிக் அமிலத்தையே மருந்தாகக் கொடுத்தார்கள். வலி குறைந்தது, ஆனால் வயிறு எரிந்தது. 1897-இல் ஜெர்மனியின் பாயர் நிறுவனத்தில் பெலிக்ஸ் ஹாப்மன், சாலிசிலிக் அமிலத்தோடு ஓர் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்துத் தூய பொருளாகத் தயாரித்தார். 1853-லேயே பிரான்சில் ஜெரார்ட் இதைச் செய்து பார்த்திருந்தார், ஆனால் அவருடையது தூய்மையாக இல்லை.

```
C7H6O3 + C4H6O3 → C9H8O4 + C2H4O2
சாலிசிலிக் அமிலம் + அசிட்டிக் அன்ஹைட்ரைடு → ஆஸ்பிரின் + அசிட்டிக் அமிலம்
```

இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன். கூடியது இவ்வளவுதான். இந்த ஒட்டு அவ்வளவு உறுதியானதும் அல்ல. ஈரம் பட்ட பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்து முகர்ந்தால் வினிகர் வாசனை வரும். அசிட்டைல் கழன்று அசிட்டிக் அமிலமாகிவிட்டது என்று அர்த்தம். அந்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கல்லூரி ஆய்வகம் கைக்கு எட்டினால் இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம்: பெர்ரிக் குளோரைடு கரைசலில் சாலிசிலிக் அமிலம் பளிச்சென்று ஊதா நிறம் தரும், தூய ஆஸ்பிரின் தராது. கெட்டுப்போன மாத்திரை ஊதாவைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரத்தத்துக்குள்ளும் இதே கதைதான். சுமார் 20 நிமிடத்தில் பாதி ஆஸ்பிரின் அசிட்டைலை இழந்து சாலிசிலிக் அமிலமாகிவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்துக்குள் அது தன் வேலையை முடித்தாக வேண்டும்.

படி 3: நொதியை ஒரு சுரங்கமாக வரையுங்கள்

சைக்ளோஆக்சிஜனேஸ், சுருக்கமாக காக்ஸ், ஒரு நொதி. செல்லின் சவ்வில் இருந்து விடுபடும் அராக்கிடோனிக் அமிலம் என்ற நீளமான கொழுப்பு அமிலத்தைப் புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைப்பது இதுதான். வலி, வீக்கம், காய்ச்சல் மூன்றிலும் புரோஸ்டாகிளாண்டின்களுக்குப் பங்குண்டு. ஆஸ்பிரின் இந்த உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்பதை 1971-இல் லண்டனில் ஜான் வேன், கினிப்பன்றியின் நுரையீரலை வைத்துக் காட்டினார். 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

தாளில் ஒரு குறுகலான சுரங்கத்தை வரையுங்கள். வாய்ப்பகுதி சவ்வின் பக்கம், வேலை நடக்கும் இடம் உள்ளே. அராக்கிடோனிக் அமிலம் இந்த வழியாக நுழைந்து உள்ளே போனால்தான் மாற்றம் நடக்கும். சுரங்கச் சுவரில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் செரின் என்ற அமினோ அமிலம், வழக்கமாக 530 என்று எண்ணிடப்படுவது.

ஆஸ்பிரின் உள்ளே வருகிறது. தன் அசிட்டைலை அந்தச் செரினில் ஒட்டிவிட்டு, மிச்சமிருக்கும் சாலிசிலிக் அமிலம் வெளியே போகிறது. செரினில் ஒட்டிய அசிட்டைல் சுரங்கத்தின் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அராக்கிடோனிக் அமிலம் இனி உள்ளே போக முடியாது. அந்த ஒட்டு திரும்பக் கழல்வதில்லை, அந்த நொதி மூலக்கூறின் வேலை அத்தோடு முடிந்தது.

பட்டையிலிருந்து வரும் சாலிசிலிக் அமிலத்திடம் ஒட்டுவதற்கு அசிட்டைலே இல்லை. அதுவும் வலியைக் குறைக்கிறது, ஆனால் நொதியை நேரடியாகத் தடுப்பதில் மிகப் பலவீனமானது. ஆஸ்பிரின் போல நிரந்தரமாகப் பூட்டாது. ஆகவே, இதய நோயாளிக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினுக்குப் பதிலாக "இயற்கையானது" என்று வில்லோ பட்டையை எடுத்துக்கொள்வது பெரிய தவறு.

படி 4: ஒரு 75 மில்லிகிராம் மாத்திரையோடு நடந்து பாருங்கள்

இரத்தத் தட்டணுக்கள் காக்ஸின் ஒரு வகையான காக்ஸ்-1 நொதியைக் கொண்டு திராம்பாக்சேன் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. மற்ற தட்டணுக்களைக் கூப்பிட்டு ஒட்டவைத்து இரத்தக்கட்டி உருவாக உதவுவது அதுதான். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. அதனால் பூட்டிய நொதிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ள அதற்கு வழியில்லை. வாழ்நாள் சுமார் 10 நாள், அத்தனை நாளும் பூட்டோடுதான்.

இதய நோய்க்காகத் தினமும் இந்த மாத்திரையை எடுத்துவந்த ஒருவர் திங்கட்கிழமை காலையில் கடைசி மாத்திரையை விழுங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மதியத்துக்குள் ஆஸ்பிரின் இரத்தத்தில் இல்லை. ஆனால் செவ்வாயன்று பார்த்தால் தட்டணுக்களில் பத்தில் ஒரு பங்குதான் புதியவை. சனிக்கிழமை வாக்கில் பாதி. முழுதும் மாற சுமார் 10 நாள். 20 நிமிடம் தாங்கும் மருந்தை தினம் ஒரு முறை கொடுத்தால் போதும் என்பதற்கும், சில அறுவை சிகிச்சைகளுக்கு முன்பு மருத்துவர் சில நாள் நிறுத்தச் சொல்வதற்கும் இதுதான் காரணம். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் தொடக்கூடாததும் இதனால்தான்: ஏற்கெனவே தட்டணு குறைகிற நோயில், இருப்பவற்றையும் முடக்கிவிடும்.

வலிக்கு இந்தச் சிறு அளவு போதாது. மற்ற செல்களுக்கு உட்கரு இருக்கிறது, அவை புது நொதியைச் செய்துகொண்டே இருக்கும். ஆகவே 300 முதல் 600 மில்லிகிராம் வரை, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படுகிறது. வயிற்றின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினும் காக்ஸ்-1 செய்வதுதான், அதனால் புண்ணும் இரத்தக்கசிவும் வரலாம். மலம் தார் போலக் கறுத்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

படி 5: எங்கே பிசகும் என்று பாருங்கள்

இதய நோய்க்கு தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர், முழங்கால் வலிக்கு முதலில் ஐபுப்ரோபென் போட்டுக்கொள்கிறார், பிறகு ஆஸ்பிரின். ஐபுப்ரோபென்னும் அதே சுரங்கத்தில்தான் போய் உட்காரும். ஒட்டாது, ஆனால் சில மணி நேரம் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆஸ்பிரின் வரும்போது செரினை எட்ட முடியவில்லை. ஐபுப்ரோபென் எழுந்து போகும் நேரத்தில் ஆஸ்பிரினின் அசிட்டைல் ஏற்கெனவே இரத்தத்தில் கழன்று போயிருக்கும். தட்டணுக்கள் பூட்டப்படாமலே தப்பிவிடுகின்றன. அதனால்தான் எப்போதாவது ஐபுப்ரோபென் எடுக்க நேர்ந்தால், சாதாரண ஆஸ்பிரினை முதலில் விழுங்கி, குறைந்தது அரைமணி நேரம் விட்டு மற்றதை எடுக்கச் சொல்கிறார்கள். குடலில் கரையும் பூச்சுள்ள ஆஸ்பிரின் என்றால் இந்த அரைமணிக் கணக்கு பொருந்தாது, அதற்கு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.