92 பைசா வட்டி என்று சொன்ன பைக் லோன்: உண்மை வட்டியை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

போன வருடம் தங்கைக்கு ஒரு ஸ்கூட்டர் எடுத்தோம். 80,000 ரூபாய் லோன், 36 மாதத் தவணை. ஷோரூமில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஃபைனான்ஸ்காரர், "பதினோரு பர்சென்ட்தான் சார். நூத்துக்கு 92 பைசா வட்டி. வெளியில இந்த வட்டிக்கு யார் தருவா?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முதல் தவணை கட்டிய பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை இங்கே அப்படியே எழுதுகிறேன். நீங்கள் கையெழுத்துப் போடும் முன்பே போட்டுப் பாருங்கள்.

1. அவர்கள் தவணையை எப்படிப் போடுகிறார்கள்

80,000-க்கு 11 சதவீதம் என்றால் வருடத்துக்கு 8,800. மூன்று வருடத்துக்கு 26,400. அசலோடு சேர்த்தால் 1,06,400. அதை 36-ஆல் வகுத்தால் மாதம் 2,956 ரூபாய். இதுதான் ஃபிளாட் ரேட்.

தெரிந்தவரிடம் கைமாற்றாக 80,000 வாங்கி, மாதாமாதம் 92 பைசா வட்டியை மட்டும் கட்டிவிட்டு, மூன்று வருடம் கழித்து அசலை மொத்தமாகத் திருப்பினால் அது நியாயமான 92 பைசா வட்டி. மூன்று வருடமும் 80,000 முழுதாக நம் கையில் இருக்கிறது அல்லவா! தவணைக் கடன் அப்படி இல்லை. ஒவ்வொரு தவணையிலும் அசலில் கொஞ்சம் திரும்பிப் போகிறது. கடைசி மாதத்தில் நாம் வைத்திருக்கும் அசல் 3,000 ரூபாய்க்கும் குறைவு. ஆனால் அந்த மாதமும் 80,000-க்கு உண்டான 733 ரூபாய் வட்டிதான் கணக்கில் ஏறியிருக்கிறது.

ரெடியூசிங் பேலன்ஸ் முறையில் அந்தந்த மாதம் மீதமிருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி. அதே 11 சதவீதம் ரெடியூசிங்கில் கிடைத்திருந்தால் தவணை சுமார் 2,619 ரூபாய்தான் வந்திருக்கும், மொத்த வட்டி 14,300 ரூபாய் அளவில் நின்றிருக்கும். நாங்கள் ஒப்புக்கொண்டது 26,400.

2. உண்மை வட்டியைக் கண்டுபிடிப்பது

இஎம்ஐ கால்குலேட்டர் ஆப்கள் இதற்கு எனக்கு உதவவில்லை. அவை வட்டியைக் கேட்டுத் தவணையைச் சொல்லும். நமக்குத் தவணை தெரியும், வட்டிதான் தெரியாது. அதனால் போனில் கூகுள் ஷீட்ஸ் போதும், எக்செல் இருந்தாலும் இதே ஃபார்முலாதான். ஒரு கட்டத்தில் இப்படி அடியுங்கள்:

```
=RATE(36,-2956,80000)*12
```

முதல் எண் மாதங்கள், அடுத்தது தவணை, மூன்றாவது கடன் தொகை. `RATE` தருவது ஒரு மாதத்து வட்டி என்பதால் 12-ஆல் பெருக்குகிறோம். விடை 0.1958 என்று வரும், அதாவது 19.6 சதவீதம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 92 பைசா இல்லை, 1 ரூபாய் 63 பைசா வட்டி.

நான் ஒரு மாலை முழுக்கத் தடுமாறிய இடம் இதுதான். தவணைக்கு முன்னால் அந்தக் கழித்தல் குறியைப் போடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு முறையும் `#NUM!` என்றே வந்தது. ஃபார்முலா தப்போ, போன் சரியில்லையோ என்று என்னென்னவோ மாற்றிப் பார்த்தேன். விஷயம் எளிது. நம் கைக்கு வரும் பணம் கூட்டல், நம் கையைவிட்டுப் போகும் பணம் கழித்தல். இரண்டையும் கூட்டலாகக் கொடுத்தால், கடனும் வாங்கி மாதாமாதம் தவணையும் நாமே வாங்கிக்கொள்வதாக ஆகிவிடுகிறது. அப்படி ஒரு வட்டி விகிதம் கிடையாது, அதனால்தான் விடை வரவில்லை.

விடை வெறும் 20% என்று தெரிந்தால் அது முழு எண்ணாக்கிக் காட்டுகிறது. தசம இடங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

3. கையில் வந்தது எவ்வளவு?

ப்ராசஸிங் ஃபீஸ், டாக்குமென்ட் சார்ஜ் என்று வரியோடு சேர்த்து 2,400 ரூபாய் வாங்கினார்கள். லோனில் பிடித்தாலும், முன்பணத்தோடு சேர்த்து ரொக்கமாக வாங்கினாலும் கணக்கு ஒன்றுதான்: நமக்குக் கிடைத்த கடன் 77,600. தவணை மட்டும் 80,000-க்கு.

```
=RATE(36,-2956,77600)*12
```

இப்போது 21.8 சதவீதம். இதோடும் முடியவில்லை. வண்டி எடுத்த அன்றே முதல் தவணையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டார்கள். மாதக் கடைசியில் கட்ட வேண்டியதை மாத ஆரம்பத்தில் கட்டுகிறோம் என்று ஷீட்டுக்குச் சொல்ல, கடைசியில் `0,1` சேர்க்க வேண்டும்:

```
=RATE(36,-2956,77600,0,1)*12
```

23.2 சதவீதம். பதினொன்று என்று கேட்டு வாங்கிய கடன்!

4. ஷோரூமில் என்ன கேட்பது

"ஃபிளாட்டா, ரெடியூசிங்கா?" என்று கேட்டால் எல்லோரும் தெளிவாகப் பதில் சொல்வதில்லை. நான் இப்போதெல்லாம் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்டைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கச் சொல்கிறேன். 2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ ஃபைனான்ஸ் நிறுவனமோ தனிநபருக்குப் புதிதாகத் தரும் தவணைக் கடன்களுக்கு இதைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அது. இரண்டு கம்பெனிகளை ஒப்பிடுவதென்றால் அந்த ஒரு எண்ணை மட்டும் பாருங்கள்.

தவணை அட்டவணையும் அதோடு வரும். ஒரு வரியில் உள்ள வட்டியை 12-ஆல் பெருக்கி, அந்த மாத ஆரம்ப அசலால் வகுத்தால் ரெடியூசிங் வட்டி தெரிந்துவிடும். சாதாரணமாக மாதக் கடைசியில் கட்டும் தவணையாக இருந்தால் எங்கள் கடனுக்கு முதல் வரி வட்டி 1,305 ரூபாய். 1,305 × 12 ÷ 80,000 என்றால் அதே 19.6 சதவீதம். முதல் மாதம் முழு மாதமாக இல்லாவிட்டால் இரண்டாவது வரியை எடுங்கள்.

பின்சேர்க்கை: ஒரு வருடம் கட்டிவிட்டு லோனை முடிக்கப் போன ஒருவர் கமென்டில் கேட்டிருந்தார். "80,000-ல் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும், 53,333 கட்டினால் போதும் என்று நினைத்தேன். 58,000-க்கு மேல் கேட்கிறார்கள், ஏமாற்றுகிறார்களா?"

அவர் கடனும் எங்களுடையதைப் போலவே 80,000, மாதம் 2,956. அதனால் போட்டுப் பார்க்க முடிந்தது. தவணையை நிர்ணயிக்கத்தான் ஃபிளாட். அட்டவணையோ ரெடியூசிங் முறையில்தான் ஓடுகிறது, 19.6 சதவீதத்தில். அதனால் ஆரம்ப மாதங்களில் வட்டி அதிகமாகவும் அசல் குறைவாகவும் கழிகிறது. 12 தவணைக்குப் பின் மீதி அசல் சுமார் 58,300. தொகை சரிதான். நீங்களே பார்க்க:

```
=PV(0.1958/12,24,-2956)
```

24 என்பது மீதமுள்ள தவணைகள். இதற்கு மேல் முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமும் இருக்கலாம். அது எத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டு, மீதி 24 தவணைகளில் மிச்சமாகும் வட்டியோடு ஒப்பிடுங்கள். அவர் விஷயத்தில் அந்த வட்டி 70,944-லிருந்து 58,300-ஐக் கழித்தால் வருகிற 12,600 சொச்சம். கட்டணம் 4 சதவீதம் என்றே வைத்தாலும், வரியையும் சேர்த்து 2,750 அளவில்தான் வரும். கையில் பணம் இருக்கிறது என்றால் முடித்துவிடுங்கள் என்றேன். முடித்துவிட்டு என்.ஓ.சி. வாங்கி, ஆர்.சி.யில் இருந்து ஃபைனான்ஸ் பெயரை நீக்க விண்ணப்பித்திருப்பதாக நேற்று எழுதியிருந்தார்.